அப்பத்தாவின் நடவுப் பாட்டு ஒவ்வொரு முறையும் மாறுகிறது, எது முழுப் பாட்டு?

மேலூர் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மேலூர்ப் பக்கம் நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று எல்லா வேலைக்கும் போனவர். நடவில் அவர்தான் முன்பாட்டு எடுப்பாராம். இப்போது வயலுக்குப் போவதில்லை என்பதால் திண்ணையில் உட்கார வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறேன். அதில் ஒரு சிக்கல்.

முதலில் பாடியது இது:

வெள்ளை வேட்டிக் கரைதெரிய
வேலியோரம் போற மச்சான்
அள்ளி நாத்து நட்ட கைக்கு
ஆறுதலா நில்லு மச்சான்

அடுத்த வாரம் அதே பாட்டைக் கேட்டேன். "அதானே பாடுறேன்" என்று சொல்லிவிட்டு இப்படிப் பாடினார்:

செவத்தத் துண்டு தோள்கிடக்க
சேத்து வரப்பில் போற மச்சான்
அவுத்த முடி வாடுமுன்னே
அண்ணாந்து பாரு மச்சான்

மெட்டு ஒன்றுதான், வரி வேறு. முதலில் பாடியதைப் போட்டுக் காட்டினால், "ரெண்டும் ஒண்ணுதேன், போடா" என்கிறார். இதற்குப் பிறகு வரும் வரிகளும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறுகின்றன. ஊரில் வேறு ஆயாக்களிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்று வருகிறது. சரியான முழுப் பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சில் வந்த தொகுப்பு எதிலாவது இருக்குமா?

ஏற்றக்கார வீடு:
தம்பி, எங்கள் தாத்தா பாடியது எனக்கு முழுதாக மனப்பாடம். கமலை வருவதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் ஏற்றம்தான். பிள்ளையார் வணக்கத்தில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று சால் கணக்கோடு போகும், ஒரு வரி பிசகாது. உங்கள் அப்பத்தாவுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பார். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், முழுப் பாட்டு கிடைக்கும். என்னுடையது வேண்டுமானால் தட்டச்சு செய்து போடுகிறேன்.

மேலூர் பேரன்:
நன்றி ஐயா. போடுங்கள், படிக்க ஆசைதான். ஆனால் நான் கேட்பது பெண்கள் நடவில் பாடும் மச்சான் பாட்டு. அப்பத்தாவுக்கு ஞாபகமறதி கிடையாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்று இன்றும் சொல்வார்.

சுவடித் தேனீ:
மேலூர் பேரன், உங்கள் அப்பத்தா சொன்னதே சரி. இரண்டும் ஒன்றுதான். நான் பல வருடம் மதுரை, சிவகங்கைப் பக்கம் நடவு வயல்களில் இந்தப் பாட்டுகளைச் சேகரித்தவள். நீங்கள் தேடும் முழுப் பாட்டு என்று ஒன்று கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு மெட்டும், ஒரு அச்சும், அதில் ஊற்றுவதற்குக் கை நிறையச் சொற்களும். வயலில் நிற்கும்போது அந்த நேரத்துக்கு வேண்டியதை எடுத்துக் கட்டுவார்.

நீங்கள் கொடுத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரியில் அவன் உடுத்தியிருக்கும் துணி. இரண்டாவதில் அவன் எந்த வழியாகப் போகிறான் என்பது. மூன்றாவதில் அவள் கையில் இருக்கும் வேலை. நான்காவதில் அவனிடம் ஒரு கோரிக்கை. இரண்டு பாட்டிலும் இந்த நான்கு இடமும் அப்படியே இருக்கின்றன. 'மச்சான்' வந்து விழும் இடமும் மாறவில்லை. முதலில் மாறியது துணி. துணி மாறினால் எதுகை மாறும், எதுகை மாறினால் மூன்றாவது வரி மாறியே ஆக வேண்டும். 'வெள்ளை' என்று எடுத்தவளுக்கு 'அள்ளி' வந்தது. 'செவத்த' என்று எடுத்தவளுக்கு 'அள்ளி' உதவாது, அதனால் 'அவுத்த' வந்தது. நாற்று முடியை அவிழ்த்துக் கையில் வைத்திருப்பவள் வாயில் அந்தச் சொல் வருவது இயல்புதானே. அது தலைமுடிக்கும் பொருந்துகிறது. கூட நடுகிறவர்கள் சிரிப்பது அங்கேதான்.

சரி, துணி ஏன் மாறியது? வயலாக இருந்தால் பதில் சுலபம்: அந்த நேரத்தில் வரப்பில் போனவன் உடுத்தியிருந்தது அது. பேர் சொல்ல மாட்டார்கள். துண்டின் நிறத்தைச் சொன்னால் வரிசையில் இருப்பவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும், யாரைச் சீண்டுகிறார்கள் என்பதும் தெரியும். திண்ணையில் ஏன் மாறியது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை பாடும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

அச்சுத் தொகுப்பு பற்றி. மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943-இல் வந்தது. பெர்சி மாக்வீன் சேர்த்து வைத்திருந்த பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958. நா. வானமாமலையின் தொகுப்பு 1964. மூன்றும் படிக்க வேண்டியவை. ஆனால் அவற்றைக் கொண்டு அப்பத்தாவைத் திருத்தாதீர்கள். புத்தகம் என்றால் ஒரு வரிசை வேண்டும், அதனால் பொருள் பார்த்து அடுக்கித் தலைப்புக் கொடுப்பார்கள். அதைப் படிப்பவருக்குத் தனித்தனியாக நின்ற நாலு வரிகள் ஒரே நீளப் பாட்டு போலத் தோன்றும்.

தாளக்கட்டு:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் தவில் கற்றவன். நடவுப் பாட்டுக்கு அடிப்படை கையின் தாளம். எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் நாற்றை ஊன்றுவார்கள், அந்த ஊன்றல்தான் அடி. உலக்கைப் பாட்டிலும் அப்படித்தான். வேலையின் தாளம் மெட்டைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வரியை இவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிறது. திண்ணையில் உட்கார வைத்துப் பதிவு செய்தால் தாளம் போய்விடும். கையில் எதையாவது கொடுத்து ஊன்றச் சொல்லுங்கள்.

சுவடித் தேனீ:
தாளக்கட்டு, உலக்கைக்கு நீங்கள் சொன்னது முழுக்கப் பொருந்தும். நடவுக்குப் பொருந்தாது.

நடவில் இடது கையில் முடி இருக்கும். அதிலிருந்து வலது கை இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். ஒருத்தி வேகம், ஒருத்தி மந்தம். இரண்டு பேர் ஒரே நொடியில் ஊன்றுவது தற்செயலாக நடந்தால்தான் உண்டு. எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டியது அடியை அல்ல, வரிசையை. குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போகிறார்கள். ஒருத்தி பின்தங்கினால் வரிசை கோணும், நடாத இடம் திட்டாக முன்னால் நிற்கும்.

கேலி உள்ளே வருவது இங்கேதான். பின்தங்குகிறவளை யாரும் "வேகமாக நடு" என்று அதட்ட மாட்டார்கள். முன்பாட்டுக்காரி அவளைப் பாட்டில் இழுத்துவிடுவாள். அவள் கண் நாற்றில் இல்லை, வரப்பில் இருக்கிறது என்பாள். அந்தப் பக்கம் போகும் முறைமாமனின் துண்டு பாட்டில் வந்துவிடும். எல்லோரும் சேர்ந்து 'தன்னானே' போடுவார்கள், அவள் வெட்கப்பட்டுக்கொண்டே கையைத் துரிதப்படுத்துவாள். அவளுக்கு அவன்மேல் மனம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மச்சான் முறையில் இருந்தாலே போதும். அண்ணன் தம்பி முறையில் வருபவனை வைத்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பின்பாட்டுக்கும் ஒரு வேலை உண்டு. எல்லோரும் முந்தின வரியைத் திருப்பிப் பாடும் அந்த நேரத்தில்தான் முன்பாட்டுக்காரி அடுத்த வரியைக் கட்டுகிறாள். உங்கள் அப்பத்தா திண்ணையில் தனியாகப் பாடும்போது நடுநடுவே நிறுத்தியிருப்பாரே? மறதி என்று நினைத்திருப்பீர்கள். பின்பாட்டுக்கு ஆள் இல்லாததால் வந்த இடைவெளி அது.

உலக்கை வேறு மாதிரி. ஓர் உரலில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிக் குத்தும்போது ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். அங்கே பாட்டு உண்மையாகவே தாளக்காவல். உலக்கை மேலே போகும்போது இழுத்துப் பாடுவார்கள், விழும்போது சொல் முடிந்திருக்கும், கூடவே மூச்சு 'உஸ்' என்று வெளியே வரும். நினைத்த இடத்தில் நினைத்த சொல்லைப் போடும் சுதந்திரம் நடவை விட அங்கே குறைவு. நான் கேட்ட உலக்கைப் பாட்டுகளில் மாறாத வரிகள் கூடுதலாக இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏற்றக்கார வீடு ஐயாவின் தாத்தா பாட்டில் ஒரு வரி பிசகாததற்கும் காரணம் இருக்கிறது. அது கணக்கு. எத்தனை சால் இறைத்தோம் என்பதை அந்தப் பாட்டே சொல்ல வேண்டும். வரி தப்பினால் கணக்குத் தப்பும். நடவில் அப்படி எண்ண எதுவும் இல்லை.

தாளக்கட்டு:
வரிசையைக் காப்பது என்பது எனக்குப் புது விஷயம். ஆனால் கையின் தாளம் சுத்தமாக இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். நன்றாகப் பழகிய கூட்டத்தில் நாலைந்து பேர் கை ஒன்றாகப் போவதைப் பார்த்திருக்கிறேன், பாட்டு சூடு பிடித்த பிறகு. ஒருவேளை கையிலிருந்து பாட்டு வராமல், பாட்டிலிருந்து கைக்குப் போகிறதோ?

சுவடித் தேனீ:
அப்படி நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் கலைந்துவிடும்.

மேலூர் பேரன்:
அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில். இரண்டாவது முறை சின்ன அப்பத்தா வந்திருந்தார், அப்பத்தாவின் தங்கை. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தது. சிவப்புத் துண்டு யாருடையது என்று நேற்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பதில் சொல்லவில்லை. கடைசியில் சின்ன அப்பத்தா, "உங்க தாத்தா இல்லடா, எங்க வீட்டு ஆளு" என்றார். அதாவது தங்கை வந்ததும் தங்கையின் வீட்டுக்காரரைப் பாட்டில் இழுத்திருக்கிறார்! அவர் இறந்து பல வருடம் ஆகிறது.

இன்னொன்றும் நடந்தது. சின்ன அப்பத்தா விடவில்லை, பதிலுக்கு எடுத்தார்:

செவத்தத் துண்டு சீமைத் துண்டு
சேர்ந்த கடன் தீராத் துண்டு
அவத்தப் பேச்சு பேசும் மச்சான்
ஆத்தா வீட்டுச் சோத்து மச்சான்

தன் புருஷனையே இப்படித் திட்டிப் பாடுகிறார், அப்பத்தா அவருக்குப் பரிந்துகொண்டு இன்னொன்று பாடுகிறார். அது வேகத்தில் போனதால் என்னால் எழுத முடியவில்லை, பதிவில் இருக்கிறது. இது சண்டையா, பாட்டா?

சுவடித் தேனீ:
பாட்டுதான். இதில் உங்களுக்குக் கிடைத்திருப்பது மிகப் பழைய ஓர் ஏற்பாடு. கலித்தொகையில் குறிஞ்சிக்கலியின் 40-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். தலைவியும் தோழியும் சந்தன மரத்து உரலில் தினைக் கதிரைப் போட்டு, யானைத் தந்தத்தை உலக்கையாகப் பிடித்துக் குத்துகிறார்கள். குத்திக்கொண்டே அவனைப் பற்றிப் பாடுகிறார்கள். அந்தக் குறிஞ்சிக்கலிப் பாட்டுகளில் ஒருத்தி அவனைக் குறை சொல்வாள், மற்றவள் விட்டுக்கொடுக்காமல் அவனைப் புகழ்வாள். அவன் பக்கத்தில் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. உலக்கைப் பாட்டுக்கு வள்ளை என்று பெயர். குறுந்தொகையின் 89-ஆம் பாட்டிலும் ஒருத்தி உரல் குத்தியபடி வள்ளை பாடுகிறாள், அதைக் கேட்டு அயலார் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள்.

சங்கப் பாட்டிலிருந்து மேலூர்த் திண்ணைக்கு நேர்கோடு போட நான் வரவில்லை. இடையில் என்ன நடந்தது என்று காட்ட என்னிடம் சரக்கு இல்லை. ஆனால் இரண்டு பெண்கள், ஒரு வேலை, பேச்சில் மட்டும் இருக்கும் ஓர் ஆண், ஒருத்தி ஏச மற்றவள் தாங்குவது என்ற அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. ஏசுகிறவளுக்கு அவன்மேல் பிரியம் இல்லை என்று பொருளில்லை. உங்கள் சின்ன அப்பத்தா பாடும்போது முகத்தைப் பார்த்திருப்பீர்களே.

அந்த வரிகளைக் கவனியுங்கள். அக்கா கொடுத்த 'செவத்தத் துண்டு' என்ற எடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டு அதே எதுகையில் திருப்பி அடித்திருக்கிறார். எதிர்ப்பாட்டின் ஒழுங்கே அதுதான். எடுத்த சொல்லில் பதில் வராவிட்டால் தோற்ற மாதிரி.

கீழத்தஞ்சை மகள்:
இதுவரை எல்லோரும் காதல், கேலி என்றே பேசுகிறீர்கள். என் அம்மா, அம்மாச்சி எல்லாம் டெல்டாவில் பண்ணை வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். சொந்த வயலில் சொந்தக்காரப் பெண்கள் நடுவதும், மிராசு வயலில் சேரிப் பெண்கள் நடுவதும் ஒன்றல்ல. எங்கள் வயலில் வரப்பில் நின்றவன் முறைமாமன் இல்லை, காரியக்காரன். கையில் குடை, வாயில் வசவு. குனிந்து நடுகிற பெண்களை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. பாட முடியும்.

அம்மா சொல்லியிருக்கிறார்: அவன் தூரத்தில் இருந்தால் பாட்டில் வேறு சொற்கள், கிட்ட வந்தால் அதே மெட்டில் 'மச்சான்' வந்துவிடும். அவன் தன்னைத்தான் ஆசையாகப் பாடுகிறார்கள் என்று மீசையைத் தடவிக்கொள்வான். பெண்கள் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. இந்தப் பாட்டுகளை எல்லாம் 'காதல்' என்ற தலைப்பில் போட்டு அச்சடித்தால் என் அம்மாவின் கோபம் எங்கே போகும்? வெள்ளை வேட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது காதலன் இல்லை.

சுவடித் தேனீ:
நீங்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். பதிவு செய்யும்போது பெண்கள் அதை எளிதில் பிரித்துச் சொல்ல மாட்டார்கள் என்பதும் உண்மை. நான் பார்த்த வரை ஒரு தடயம் உண்டு. வயல்வேலை செய்கிற மச்சான் பாட்டில் வரும்போது அவனிடம் துண்டு, உருமால், மண்வெட்டி, ஏர், மாடு என்று வேலைக்காரனின் பொருள்கள் இருக்கும். குடையும் செருப்பும் கைத்தடியும் வந்தால் அவன் வேறு ஆள். நடவு வயலின் வரப்பில் செருப்போடு நிற்பவன் சேற்றில் இறங்கப் போகிறவன் அல்ல. அப்படிப்பட்ட பாட்டில் கோரிக்கையும் மாறியிருக்கும். 'நில்லு மச்சான்' என்பதற்குப் பதிலாகப் பொழுது சாய்ந்துவிட்டது, கூலியை அள, கரையேற விடு என்று வரும்.

ஆனால் எல்லா வெள்ளை வேட்டியையும் காரியக்காரனாக்க என்னால் முடியாது. சந்தைக்கும் திருவிழாவுக்கும் புறப்படும் மச்சானும் வெள்ளை வேட்டிதான் கட்டுவான். மேலூர் அப்பத்தா பாட்டில் 'வேலியோரம்' என்று இருக்கிறது. அவன் வரப்பில் நிற்கவில்லை, ஒதுங்கிப் போகிறான். மேற்பார்வை செய்பவன் ஒதுங்கிப் போக மாட்டான்.

கீழத்தஞ்சை மகள்:
மேலூர் பாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பாட்டில் பொருள்களை வைத்து மட்டும் பிரிக்க முடியாது என்றே சொல்வேன். குடை என்று சொன்னால் அவனுக்குப் புரிந்துவிடும் என்பதற்காகவே குடையை விட்டிருப்பார்கள். பிடிபடாமல் இருப்பதற்காகக் கட்டிய பாட்டில் தடயம் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சுவடித் தேனீ:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் அம்மா இருக்கிறாரா? இருந்தால், எந்தப் பாட்டு யாரை நினைத்து என்று அவர் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கீழத்தஞ்சை மகள்:
அம்மா இருக்கிறார். பாடச் சொன்னால், "எதுக்கு அந்தப் பொழப்பை நினைவுபடுத்துறே" என்பார். பாட்டைக் கேட்டாலே அவருக்கு இடுப்பு வலிதான் ஞாபகம் வருகிறதாம். வற்புறுத்த எனக்கு மனமில்லை.

வாவிக்கரை:
மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதைக் கவி என்போம். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. மச்சானும் மச்சியும் ஆளுக்கு ஒரு கவியாகச் சொல்லிக்கொள்வது போல இருக்கும். வயல் காவலுக்கு வாடியில் இருக்கிறவனை நினைத்து வீட்டில் இருக்கிறவள் சொல்வதாகவும் நிறைய. என் உம்மா பன்பாய் இழைக்கும்போது முணுமுணுப்பார். நீங்கள் சொல்கிற தன்னானே, பின்பாட்டு எதுவும் இல்லை. ஒரே குரல், இழுத்து இழுத்து. கேலியும் குறைவு, ஏக்கம் கூட. கூட்டமாகச் செய்யும் வேலைக்குக் கேலி, தனியாகச் செய்யும் வேலைக்கு ஏக்கம் என்று பிரிக்கலாமா?

சுவடித் தேனீ:
நல்ல கேள்வி. இங்கேயும் திரிகையில் தனியாக மாவு அரைக்கும் பெண் பாடுவதில் ஏக்கம்தான் அதிகம். கண்டிச் சீமைக்கும் ரங்கூனுக்கும் போனவனை நினைத்துப் பாடும் பாட்டுகள் அப்படிப்பட்டவை. அதே திரிகையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பிடி போட்டுச் சுற்றினால் பேச்சு கேலிக்குத் திரும்பிவிடும். ஆனால் தனியாகக் களை எடுக்கிறவள் கேலி பாடியதையும் கேட்டிருக்கிறேன், அடுத்த வயலில் இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்க.

மேலூர் பேரன்:
இவ்வளவு விஷயம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கொஞ்சம் சொல்லுங்கள் அம்மா. எங்கள் ஊரில் இப்போது பாதி வயல் இயந்திர நடவு. ஆள் நடவு நடக்கும் வயலில் அப்பத்தா வயதுக்காரர்கள் இல்லை, நாற்பது ஐம்பது வயதுப் பெண்கள்தான். கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது.

சுவடித் தேனீ:
இரண்டு அப்பத்தாக்களையும் சேர்த்தே உட்கார வையுங்கள். பின்பாட்டுக்கு உங்கள் வீட்டு மருமகள்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும், தன்னானே போடத் தெரிந்தால் சரி. முக்கியமான ஒன்று: நீங்கள் அங்கே இருக்காதீர்கள். கைப்பேசியை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். பேரன் முன்னால் ஒரு அளவுக்குத்தான் பாடுவார்கள். கல்யாணமான பெண்கள் மட்டும் இருக்கும்போது வருகிற பாட்டே வேறு, நடவில் பாதி அதுதான். உங்கள் அக்காவோ அத்தையோ பதிவு செய்யட்டும்.

ஆள் நடவு நடக்கும் வயலுக்கும் ஒரு தடவை அழைத்துப் போங்கள். அவர் இறங்க வேண்டாம், வரப்பில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தால் கீழே இருப்பவர்களில் யாராவது திருப்பிப் பாடுவார்கள். நாற்பது வயதுக்காரிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், சின்னப் பிள்ளையாக நாற்று முடி எடுத்துக் கொடுத்தபோது கேட்டிருப்பார். கருவியை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். அவர்கள் பின்னால் நகர்கிறார்கள், முகம் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறது. முன் வரப்பில் வைத்தால் போகப் போகக் குரல் தூரமாகிவிடும். பின் வரப்பில் வைத்தால் முதுகுதான் உங்களுக்கு. பக்கவாட்டு வரப்பில், வரிசை பாதி வயலைக் கடக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். காற்றுக்கு ஒரு கைக்குட்டையைச் சுற்றிவிடுங்கள்.

வரப்பில் போகும் உங்கள் முன்னால் நாற்று முடியை வைத்து மறித்துக் காசு கேட்பார்கள், அது பழைய வழக்கம். கொடுத்துவிடுங்கள், குலவை போடுவார்கள். உங்களை வைத்தும் ஒரு பாட்டு வரும். அதில் உங்கள் சட்டையின் நிறம் வருகிறதா என்று பாருங்கள்.

எழுதும்போது யார் எடுத்தார், யார் திருப்பினார், அப்போது பக்கத்தில் யார், யாரைச் சீண்டியது என்பதை ஒவ்வொரு நாலு வரிக்கும் பக்கத்தில் குறியுங்கள். திருத்தி ஒன்றாக்க வேண்டாம்.

மேலூர் பேரன்:
ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறார், அவரிடம் பொறுப்பைக் கொடுக்கிறேன். வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடுகிறது. பதிவை யூடியூபில் போடலாம் என்றேன். பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வயசான காலத்துல எங்க அம்மா மச்சான் மச்சான்னு பாடுறதை ஊர் பார்க்கணுமா?" என்கிறார். அப்பத்தாவைக் கேட்டால், "போட்டுக்க, எனக்கென்ன" என்கிறார். சின்ன அப்பத்தா மட்டும், "செவத்தத் துண்டை மட்டும் போடாதே, அவுக மக்கமாரு மனசு நோவும்" என்றார்.

தாளக்கட்டு:
பாடியவர் சரி என்றால் போடுவதுதானே? பாட்டு அவருடையது.

கீழத்தஞ்சை மகள்:
அப்பத்தா சம்மதம் முதலில். ஆனால் சின்ன அப்பத்தா சொன்னதைத் தள்ளாதீர்கள். அந்தத் துண்டுக்காரர் யார் என்று ஊரில் இன்னும் ஆள்களுக்குத் தெரியும். வயலில் பாடும்போது பத்துப் பேருக்குள் நின்றது, இதில் நிற்காது.

ஏற்றக்கார வீடு:
பெரியப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தம்பி. எங்கள் அம்மாவும் நடவில் பாடியவர்தான் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் முன்னால் ஒரு தடவைகூடப் பாடியதில்லை. கேட்டிருந்தாலும் எழுதி வைத்திருப்பேனா என்று தெரியவில்லை. தாத்தாவின் பாட்டை நாளை தனி இழையாகப் போடுகிறேன்.

மேலூர் பேரன்:
போடுங்கள் ஐயா, படிக்கிறேன். யூடியூப் விஷயத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். அக்கா ஞாயிறு பதிவு செய்ததும், அப்பத்தா எதை வெளியே சொல்லலாம் என்கிறாரோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். எதிர்ப்பாட்டில் அப்பத்தா திருப்பிச் சொன்ன நாலு வரியையும் கேட்டு எழுதப் பார்க்கிறேன். முதல் சொல் 'செவத்த' என்றுதான் காதில் விழுகிறது, மூன்றாவது வரி மட்டும் பிடிபடவில்லை.